ஈசானியக் கிணறும் வாயு மூலைக் குழியும்

ராஜபாளையத்துக்கும் சிவகிரிக்கும் இடையே, மலையடிவாரத்தில் இருக்கிறது தேவதானம். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை, அதன் மடியில் சாஸ்தா கோவில் நீர்த்தேக்கம், கிழக்கே வயலும் கண்மாயுமாக இறங்கும் நிலம். இங்கே ஒருவர் மனை வாங்கி வீடு கட்டத் தொடங்கினால், போர் எங்கே போடுவது, செப்டிக் டேங்க் எங்கே வைப்பது என்பதில் பெரிய யோசனை இருப்பதில்லை. தண்ணீர் ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில். கழிவுக்குழி வாயு மூலையில், அதாவது வடமேற்கில். தமிழ்நாட்டின் பல ஊர்களில் மேஸ்திரிகள் கயிறு பிடிப்பது இந்தக் கணக்கில்தான்.

ஒரு மனையை மட்டும் தனியாகப் பார்த்தால் இதில் குறை தெரியாது. கிணறு ஒரு மூலை, குழி இன்னொரு மூலை. ஆனால் மனைகள் தனியாக இருப்பதில்லை, வரிசையாக இருக்கின்றன. கிழக்கு மேற்காக ஓடும் ஒரு தெருவில், தெருவின் வடபுறம் அடுத்தடுத்து ஐந்து சென்ட் மனைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் கிழக்கு மேற்கில் 40 அடி, தெற்கு வடக்கில் 54 அடி. உங்கள் வடமேற்கு மூலை எதைத் தொடுகிறது? மேற்குப் பக்கத்து வீட்டுக்காரரின் வடகிழக்கு மூலையை. உங்கள் வாயு மூலை அவருடைய ஈசானிய மூலைக்கு ஒட்டியது. சுவரிலிருந்து ஐந்தடி விட்டு நீங்கள் குழி தோண்டுகிறீர்கள், அவரும் ஐந்தடி விட்டு போர் போடுகிறார். உங்கள் மலக்குழிக்கும் அவருடைய குடிநீருக்கும் இடைவெளி பத்தடி. அதே கணக்கில் உங்கள் கிழக்குப் பக்கத்து வீட்டுக் குழி உங்கள் போருக்குப் பத்தடியில் இருக்கிறது. தெருவில் எல்லோரும் ஒரே விதியை ஒழுங்காகப் பின்பற்றினால், எல்லோருடைய கிணற்றுக்கும் பக்கத்தில் ஒரு குழி வந்துவிடும்.

உங்கள் சொந்தக் குழிக்கும் சொந்தப் போருக்கும் இடையே என்ன தூரம்? இருபுறமும் ஐந்தடி விட்டால் 30 அடி. அதிலும் தேவதானம் போன்ற இடத்தில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. நிலத்தடி நீரும் பெரும்பாலும் மேல்நிலத்தின் சரிவை ஒட்டியே நகரும். குழி மேற்கே, கிணறு கிழக்கே என்றால், குழியிலிருந்து கசிவது கிணற்றை நோக்கியே நடக்கிறது. இங்கே மேட்டில் இருக்க வேண்டியது கிணறு, பள்ளத்தில் இருக்க வேண்டியது குழி. வடக்கு, கிழக்கு என்ற திசைகளைப் பார்ப்பதற்கு முன்னால், மழை பெய்யும்போது மனையில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்.

எவ்வளவு தூரம் இருந்தால் போதும்? செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 2470, உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் வேண்டும் என்கிறது. கிட்டத்தட்ட 60 அடி. கேரளக் கட்டட விதிகள் 7.5 மீட்டர் என்கின்றன. ஐந்து சென்ட் மனையில் மூலைக்கு மூலை அளந்தாலே 67 அடிதான் வரும். சுவர்களிலிருந்து ஐந்தைந்து அடி உள்ளே வந்துவிட்டால் 53 அடி. அதாவது இந்தியத் தரத்தை ஐந்து சென்ட் மனைக்குள் நிறைவேற்றவே முடியாது. அதனால்தான் பலரும் விதியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, இடம் கிடைத்த பக்கம் தோண்டிவிடுகிறார்கள். விதி எதற்காக வந்தது என்று தெரிந்தால், தூரம் குறைந்த இடத்தில் வேறு எதைக் கூட்டி ஈடுகட்டலாம் என்பது விளங்கும்.

செப்டிக் டேங்க் கழிவைச் சுத்தம் செய்வதில்லை. கனமானதைக் கீழே படியவைக்கிறது, எண்ணெய்ப் பசையை மேலே மிதக்கவிடுகிறது, நடுவில் இருக்கும் தண்ணீரை வெளியே அனுப்புகிறது. அந்தத் தண்ணீரின் நூறு மில்லிலிட்டரில் குடல்வாழ் பாக்டீரியாக்கள் பொதுவாகப் பத்து லட்சத்தைத் தாண்டும். உண்மையான சுத்திகரிப்பு நடப்பது அதற்குப் பிறகு, மண்ணில். குழியின் அடிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையில் இருக்கும் ஈரம் குறைந்த, காற்றோட்டமுள்ள மண்ணில்தான் கிருமிகள் துகள்களில் ஒட்டிக்கொள்கின்றன, மண்ணின் நுண்ணுயிர்களுக்கு இரையாகின்றன, காய்ந்து சாகின்றன. இரட்டைக் குழிக் கழிப்பறைக்கான அரசுக் கையேடுகள் குழியின் அடிக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் இடையே இரண்டு மீட்டர் கேட்பது இதற்காகத்தான். நீர்மட்டத்தைத் தொட்டுவிட்ட கிருமிக்கு அந்தத் தடைகள் பெரும்பாலும் முடிந்துவிட்டன. பிறகு அதைக் காலம்தான் கொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தைத்தான் மீட்டராக மாற்றி எழுதியிருக்கிறார்கள். நிலத்தடி நீரில் பெரும்பாலான நோய்க்கிருமிகள் ஐம்பது நாளில் அநேகமாகச் செத்துவிடும் என்ற அடிப்படையில், ஜெர்மனியில் குடிநீர்க் கிணறுகளைச் சுற்றி ஐம்பது நாள் எல்லைக்கோடு வரைகிறார்கள். அந்தக் கோட்டில் விழுந்த ஒரு துளி கிணற்றை அடைய ஐம்பது நாளாகும். வைரஸ்கள் சில இன்னும் தாக்குப்பிடிக்கும். ஆனாலும் நடைமுறைக்கு இது நல்ல கணக்கு.

மணல் நிலத்தில் இதைப் போட்டுப் பார்ப்போம். சாதாரண மணலின் கடத்துதிறன் நாளுக்குப் பத்து மீட்டர் என்று கொள்ளலாம். நீர்மட்டம் நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிகிறது. பத்தை நூறால் வகுத்தால் 0.1 மீட்டர். ஆனால் தண்ணீர் மணல்மணிகளுக்குள் புகுந்து போவதில்லை, இடைவெளிகளில் மட்டுமே போகிறது. இடைவெளி மொத்தத்தில் கால் பங்கு என்றால், 0.1-ஐ 0.25-ஆல் வகுக்க வேண்டும். நாளுக்கு 0.4 மீட்டர். ஐம்பது நாளில் 20 மீட்டர். 18 மீட்டர் விதி இதற்குப் பக்கத்தில் வந்து நிற்பதைக் கவனியுங்கள். மணலிலும் மண்ணிலும் அந்த விதிக்கு அர்த்தம் உண்டு.

இதே கணக்கைப் பாறையில் போடுங்கள். விருதுநகர் மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப்பாறை நிலம். மேலே கொஞ்சம் செம்மண்ணோ கரிசலோ, மலையடிவாரத்தில் உருண்டைக் கல்லும் சரளையும், அதன்கீழே சிதைந்த பாறை, அதற்கும் கீழே வெடிப்புகள் ஓடும் கெட்டிப்பாறை. நாம் ஊற்றுக்கண் என்று சொல்வது இந்த வெடிப்புகளைத்தான். வெடிப்புள்ள பாறையும் நாளுக்குப் பத்து மீட்டர் கடத்துகிறது என்றே வைத்துக்கொள்வோம். சரிவும் அதே சரிவு. மாறுவது ஒன்றுதான்: பாறையில் தண்ணீர் ஓட இருக்கும் இடம் நூற்றில் ஒரு பங்கு. 0.1-ஐ 0.01-ஆல் வகுத்தால் நாளுக்குப் பத்து மீட்டர். ஐம்பது நாளில் அரை கிலோமீட்டர். 18 மீட்டரை அந்தத் தண்ணீர் இரண்டு நாளுக்குள் கடந்துவிடும். வழியில் வடிகட்டவும் எதுவும் இல்லை. பாக்டீரியாவின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. அரை மில்லிமீட்டர் வெடிப்பே அதற்கு அகலமான சாலை.

கனடாவில் வாக்கர்ட்டன் என்ற சிற்றூரில் 2000-ஆம் ஆண்டு மே மாதம் நடந்தது இதுதான். ஊருக்குத் தண்ணீர் தந்த ஐந்தாம் எண் கிணற்றின் ஆழம் 15 மீட்டர். மேல்மண் இரண்டரை மீட்டர் அளவே, அதன்கீழ் வெடிப்புப் பாறை. கேசிங் குழாய் ஐந்து மீட்டர் வரைதான் இறக்கப்பட்டிருந்தது. கேசிங் முடிந்த இடத்துக்குச் சற்றுக் கீழேயே ஊற்று. பக்கத்துப் பண்ணையில் மாட்டு எரு இட்டிருந்தார்கள். ஐந்து நாள் கனமழை பெய்தது. குளோரின் கலப்பதிலும் அளப்பதிலும் பொறுப்பில் இருந்தவர்கள் தவறியிருந்தார்கள். சுமார் 2,300 பேர் நோயுற்றார்கள், ஏழு பேர் இறந்தார்கள். விசாரணை நடத்திய நீதிபதி டென்னிஸ் ஓகானர், எரு இட்ட விவசாயி முறையாகவே நடந்துகொண்டார், அவரைக் குறை சொல்ல முடியாது என்று பதிவு செய்தார். மேலே மெல்லிய மண், கீழே வெடிப்புப் பாறை, குட்டையான கேசிங், அதன்மேல் ஒரு பெருமழை. தேவதானத்துக்கு இவற்றில் எதுவும் அந்நியமில்லை. எருவின் இடத்தில் நம் தெருக்களில் குழிகள் இருக்கின்றன.

மழையின் பங்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது மலையடிவாரத்தில் நீர்மட்டம் வேகமாக மேலேறும். நம் ஊர்ப்பக்கம் செப்டிக் டேங்க் என்ற பெயரில் பலர் வைத்திருப்பது அடி திறந்த உறைக்குழி. நாலடி விட்டமுள்ள சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்து, பன்னிரண்டு என்று இறக்கிவிடுவார்கள். ஆழமாக இருந்தால் சீக்கிரம் நிறையாது என்ற எண்ணம். சித்திரையில் நீர்மட்டம் நாற்பதடியில் கிடக்கும்போது அந்தப் பன்னிரண்டு அடிக் குழிக்கும் தண்ணீருக்கும் நடுவே 28 அடி மண்ணும் சரளையும் இருக்கிறது. கார்த்திகையில் நீர்மட்டம் எட்டடிக்கு வந்தால் குழியின் கீழ் நாலடி நிலத்தடி நீருக்குள்ளேயே முங்கிவிடுகிறது. அப்போது மண் வடிகட்டும் என்ற பேச்சுக்கே இடமில்லை. கிணற்றுக்குள் நேராகக் கழிவைக் கலப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் குறைவு. குழி ஆழமாக இருப்பது நல்லதல்ல, ஆழம் குறைந்து அகலமாக இருப்பதே நல்லது. இரட்டைக் குழித் திட்டத்தில் நாலடி ஆழத்தோடு நிறுத்தச் சொல்வது சிக்கனத்துக்காக மட்டுமல்ல.

இதைவிட மோசமானது, தண்ணீர் இல்லாமல் கைவிட்ட கிணற்றிலோ போரிலோ கழிவுநீரை விடுவது. சில ஊர்களில் நடக்கிறது. மண்ணின் எல்லாத் தடைகளையும் தாண்டி, ஊற்றுக்கண்ணுக்கே குழாய் போட்டுக் கழிவை ஊற்றும் வேலை அது. தெருவில் யாராவது அப்படிச் செய்திருந்தால், மற்றவர்கள் செய்யும் எந்த ஏற்பாடும் நிற்காது.

சரி, அந்த ஐந்து சென்ட் மனைக்குத் திரும்புவோம். அறுபதடி கிடைக்காது. கிடைக்கக்கூடிய அதிகபட்சம் என்ன? உங்கள் மனையை மட்டும் பார்த்தால், கிணற்றைத் தென்மேற்கிலும் குழியை வடகிழக்கிலும் வைத்தால் 53 அடி வரும். ஆனால் மேற்கு வீட்டுக்காரரும் அதேபோல் வடகிழக்கில் குழி வைத்தால், அது உங்கள் வடமேற்கு மூலையை ஒட்டி வரும். அங்கிருந்து உங்கள் தென்மேற்குக் கிணற்றுக்கு 45 அடி. பத்தடி எங்கே, 45 அடி எங்கே! இதற்குச் செலவு ஏதுமில்லை, வரிசையில் உள்ளவர்கள் பேசி ஒப்புக்கொண்டால் போதும். கிணறெல்லாம் தெருப்பக்கம், குழியெல்லாம் கொல்லைப்பக்கம் என்று வைத்துக்கொள்வதே நான் சொல்லக்கூடிய எளிய ஏற்பாடு. கொல்லையை ஒட்டிய அடுத்த தெரு வீடுகளும் இப்படியே செய்தால் குழியும் குழியும் பக்கத்தில் வரும், கிணற்றுக்கு எதிரே தெருவைத் தாண்டிக் கிணறு வரும். நிலத்தடி நீர் மேற்கிலிருந்து கிழக்கே போவதால், குழி வரிசையின் கசிவும் கிணற்று வரிசைக்குக் குறுக்கே வராமல் இணையாகப் போகும். தெருவோர வாறுகாலிலிருந்து மட்டும் கிணறு தள்ளி இருக்கட்டும். விரிசல் விட்ட வாறுகாலும் ஒரு நீண்ட கழிவுக்குழிதான்.

இதை மோட்டார் கொஞ்சம் கெடுக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். போரிலிருந்து தண்ணீரை இறைக்கும்போது அதைச் சுற்றி நீர்மட்டம் குழிகிறது, நாலா பக்கத்திலிருந்தும் தண்ணீர் அதை நோக்கித் திரும்புகிறது. பள்ளத்தில் இருக்கும் குழிகூடச் சில அடி தூரத்தில் இருந்தால், மேட்டில் இருக்கும் கிணற்றுக்குத் தன் கசிவை அனுப்பும். மேற்கு வீட்டுக்காரர் மேட்டில்தானே இருக்கிறார் என்று பத்தடியில் குழி வைப்பதற்கு இது பதில்.

நீரோட்டம் பார்ப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. தேங்காயும் வேப்பங்குச்சியும் நிலத்தடியில் இருப்பதைச் சொல்வதாகச் சோதனைகளில் நிரூபணமாகவில்லை. மின்தடை ஆய்வு அப்படியல்ல. தரையில் கம்பிகளை நட்டு மின்சாரம் செலுத்தி, எந்த ஆழத்தில் மின்தடை குறைகிறது என்று அளக்கிறார்கள். ஈரமுள்ள, வெடிப்புள்ள பாறையில் மின்தடை குறையும். ஆனால் உப்பு மிகுந்த கழிவுநீர் நல்ல தண்ணீரைவிட எளிதாக மின்சாரத்தைக் கடத்தும். உறிஞ்சு குழிக்குப் பக்கத்தில் எடுத்த அளவு, நல்ல ஊற்று இருப்பதுபோலக் காட்டக்கூடும். எனவே ஆய்வுக்கு வருபவரிடம் உங்கள் குழி, பக்கத்து வீட்டுக் குழிகள், பழைய மூடிய குழிகள் எல்லாம் எங்கே என்று முதலிலேயே காட்டிவிட வேண்டும்.

கிடைமட்டத்தில் இழந்த தூரத்தை ஆழத்தில் ஈடுகட்டுவதுதான் அடுத்த வேலை. அதற்கான கருவி கேசிங் குழாய். நம் பக்கம் போர் வண்டிக்காரர்கள் மேல்மண் சரியாமல் இருக்க மட்டுமே கேசிங் என்று நினைத்து இறக்குகிறார்கள். வீட்டுக்காரரும் அடிக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்து, பாறை தட்டியதும் போதும் என்கிறார். குடிநீர் போருக்குக் கேசிங், சிதைந்த பாறை முழுவதையும் கடந்து, கெட்டிப்பாறைக்குள் சில அடி இறங்கி உட்கார வேண்டும். முப்பது நாற்பது அடியில் கிடைக்கும் மேல் ஊற்றை அது அடைத்துவிடும் என்று பலர் தயங்குகிறார்கள். அடைக்கத்தான் வேண்டும். மேல் ஊற்றுதான் குழிகளின் கசிவு முதலில் வந்து சேரும் இடம்.

கேசிங் போட்டும் கெட்டுப்போகும் போர்களில், கோளாறு பெரும்பாலும் குழாய்க்கு வெளியே இருக்கிறது. துளை குழாயைவிட அகலமானது. இரண்டுக்கும் நடுவே உள்ள வளைய இடைவெளியில் துளைத்த தூளைத் தள்ளி மூடிவிடுவார்கள். மேலே தேங்கும் தண்ணீர் அந்தத் தூள் வழியாகக் குழாயின் வெளிப்புறத்தை ஒட்டியே இறங்கி, கேசிங் முடியும் இடத்தில் போருக்குள் நுழையும். அந்த இடைவெளியைக் கெட்டியான சிமெண்ட் பாலால், கீழிருந்து மேலாக நிரப்ப வேண்டும். போர் வண்டி வருவதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டிய வேலை இது. வண்டி கிளம்பிய பிறகு யாரும் செய்துதர மாட்டார்கள். மேலே கேசிங்கைச் சுற்றிச் சிமெண்ட் மேடை வேண்டும். குழந்தைகள் ஆழ்துளைக் கிணறுகளில் விழுந்து இறந்ததை ஒட்டி 2010-இல் உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதலில் அரை மீட்டருக்கு அரை மீட்டர், தரைக்கு மேல் 30 செ.மீ., தரைக்குக் கீழ் 30 செ.மீ. என்று மேடையின் அளவே சொல்லப்பட்டிருக்கிறது. பிள்ளைகளைக் காக்க வந்த மேடை, தண்ணீரையும் காக்கும்.

திறந்த கிணறு என்றால் காரியம் இன்னும் கடினம். அது வாழ்வதே மேல் ஊற்றில். மேலிருந்து இருபதடி வரையாவது சுவரைச் சிமெண்ட் பூசித் தண்ணீர் கசியாமல் அடைக்கலாம், சுற்றுச்சுவரும் வெளிச்சரிவுள்ள தளமும் போடலாம். ஆனாலும் குழிகள் நெருங்கிய தெருவில் திறந்த கிணற்றைக் குளிக்க, துவைக்க, செடிக்கு என்று வைத்துக்கொண்டு குடிக்க வேறு தண்ணீர் பார்ப்பதே என் தீர்ப்பு.

ஏற்கெனவே போரும் குழியும் இருக்கும் வீட்டில் கெட்டுவிட்டதா என்று எப்படி அறிவது? நாற்றத்துக்குக் காத்திருக்கக் கூடாது. தெளிந்த, சுவையான தண்ணீரிலும் கிருமி இருக்கும். இரண்டு சோதனைகள் போதும். ஒன்று, ஈ. கோலை. நூறு மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்கிறது குடிநீருக்கான இந்தியத் தரம். இரண்டு, நைட்ரேட். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. சிறுநீரிலும் மலத்திலும் உள்ள நைட்ரஜன் காற்றோட்டமுள்ள மண்ணில் நைட்ரேட்டாக மாறிவிடும். அதை மண் பிடித்துவைப்பதில்லை, நாள் கடந்தாலும் அது சாவதில்லை. ஈ. கோலை இல்லாமல் நைட்ரேட் மட்டும் கூடியிருந்தால், உரம் போட்ட வயல் பக்கத்தில் இல்லாத இடத்தில், குழியின் கசிவு வந்துகொண்டிருக்கிறது, கிருமி மட்டும் இப்போதைக்கு வழியில் சாகிறது என்று அர்த்தம். அடுத்த பெருமழையில் அதுவும் வரலாம். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஆனால் நைட்ரேட் போகாது, நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடவே செய்யும். கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கும் வீட்டில் இது முக்கியம். அதிக நைட்ரேட், குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைத்து உடலை நீலம் பாரிக்க வைக்கும்.

பிளீச்சிங் பவுடர் போட்டால் அன்றைக்கு இருக்கும் கிருமி சாகும். குழியிலிருந்து வரும் வழி திறந்திருக்கும்வரை மறுபடியும் வரும். போட்டுச் சில வாரங்களில் ஈ. கோலை திரும்பத் தென்பட்டால், மருந்தைக் கூட்டிப் பயனில்லை, குழியைத்தான் மாற்ற வேண்டும். உறைக்குழியை மூடிவிட்டு, அடியும் சுவரும் பூசிய டேங்க் கட்டி, அதன் நீரைக் கிணற்றிலிருந்து தள்ளி இருக்கும் பக்கத்தில் ஆழமில்லாத உறிஞ்சு குழிக்குக் கொண்டுபோவது செலவுதான். இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து, மேட்டில் இருக்கும் ஒருவர் மனையில் நல்ல கேசிங்கோடு ஒரே போர் போட்டுப் பகிர்ந்துகொள்வது ஆளுக்கொரு அரைகுறைப் போரைவிட மலிவாகவும் முடியலாம்.

சோதனைக்கு மாதிரி எடுக்கும் காலம் முக்கியம். சித்திரையில் எடுத்த மாதிரி நல்ல முடிவைத் தரும், அதை நம்பிவிடக் கூடாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் இருக்கின்றன. கிருமிச் சோதனைக்கான பாட்டிலைக் கிருமிநீக்கம் செய்யப்பட்டதாக அங்கேயே கேட்டு வாங்கிக்கொண்டு, ஐப்பசியில் முதல் கனமழை பெய்து நீர்மட்டம் ஏறிய வாரத்தில் மாதிரி எடுத்து, குளிரப் பொதிந்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். புதிதாகப் போர் போடப் போகிறவர்கள், சுண்ணாம்புக் கோடு இழுக்கும் முன் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் அவருடைய குழி எங்கே, எத்தனை உறை ஆழம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் குழியை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.